மூன்று சலாகை, ஒரே எண்

எங்கள் ஊர் சனசமூக நிலையத்தின் வாசிகசாலைச் சுவரில் ஒரு பெரிய சலாகை வரைபு ஒட்டினோம். வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலும் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதுதான் நோக்கம். தரவு 2012 ஆம் ஆண்டுக் குடிசனத் தொகைமதிப்பிலிருந்து எடுத்தது. வரைபை எக்செலில் செய்தது நான். எண்கள் நீளமாக இருந்தால் அசிங்கமாக இருக்கும் என்று நினைத்து, ஒவ்வொரு சலாகையின் தலையிலும் மில்லியனில், ஒரு தசமதானத்துக்கு எழுதினேன். யாழ்ப்பாணம் 0.6, வவுனியா 0.2, கிளிநொச்சி 0.1, மன்னார் 0.1, முல்லைத்தீவு 0.1.

ஒட்டிய அன்று பின்னேரம் பேப்பர் வாசிக்க வந்த ஓய்வுபெற்ற கணித மாஸ்டர் ஒருவர் அதற்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தம்பி, இது மூண்டும் ஒரே எண்தானே?”

“ஓம் மாஸ்டர்.”

“அப்ப ஏன் ஒண்டு நெட்டையாயும் ஒண்டு கட்டையாயும் நிக்குது? சலாகை பிழையோ, எண் பிழையோ?”

இரண்டும் பிழையில்லை என்பதுதான் வேடிக்கை. யாழ்ப்பாணத்தின் சலாகை 30 சென்ரிமீற்றர் உயரம். அந்த அளவில் கிளிநொச்சி 5.8 சென்ரிமீற்றர், முல்லைத்தீவு 4.7. ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம், கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் தலையில் இருந்த எண் இரண்டுக்கும் 0.1. சலாகை ஒன்று சொல்ல, லேபிள் வேறொன்று சொன்னது. வாசிக்கிறவர் இரண்டில் எதை நம்புவார்? பெரும்பாலானவர்கள் எண்ணைத்தான் நம்புவார்கள், சலாகை ஏதோ கோணலாக அச்சாகியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

உண்மையான எண்களைப் பார்ப்போம். யாழ்ப்பாணம் 583,882. வவுனியா 172,115. கிளிநொச்சி 113,510. மன்னார் 99,570. முல்லைத்தீவு 92,238. கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் 21,272 பேர். அவ்வளவு பேரை ஒரு தசமதானம் விழுங்கிவிட்டது.

எண்ணை மட்டந்தட்டுவது குற்றமில்லை. 583,882 என்று கடைசி ஆள் வரைக்கும் எழுதினால் அதுவும் ஒருவகைப் பொய்தான். கணக்கெடுத்த அடுத்த நாளே யாரோ பிறந்திருப்பார்கள், யாரோ கொழும்புக்குப் போயிருப்பார்கள். சுவரில் பார்க்கிற பிள்ளைக்கு அந்த 882 எதையும் சொல்லப்போவதில்லை. ஆகவே மட்டந்தட்டத்தான் வேண்டும். எதுவரைக்கும் தட்டலாம் என்பதுதான் கேள்வி.

பெரிய எண்ணைப் பார்த்து முடிவெடுத்தேன்

நான் விட்ட தவறு எங்கே இருந்தது என்று பின்னால் யோசித்தேன். மிகப்பெரிய எண்ணைப் பார்த்து அலகைத் தெரிந்தெடுத்தேன். யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட ஆறு இலட்சம், மாகாணம் முழுவதும் பத்து இலட்சத்துக்கு மேல், ஆகவே மில்லியன் சரிவரும் என்று. ஆனால் லேபிளுக்கு அலகு தேடும்போது பார்க்கவேண்டியது பெரிய எண்ணை அல்ல. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் எண்களுக்கு இடையிலுள்ள மிகச் சின்ன வித்தியாசத்தை.

அதைக் கண்டுபிடிப்பது சுலபம். எண்களைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்ததைக் கழித்துப் பார்த்தால் போதும். யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் 411,767. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் 58,605. கிளிநொச்சிக்கும் மன்னாருக்கும் 13,940. மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் 7,332. கடைசி எண்தான் நம்முடைய ஆள்.

இனி மட்டந்தட்டும் படியைப் பார்க்கவேண்டும். படி என்று நான் சொல்வது, லேபிளின் கடைசி இலக்கம் ஒன்று கூடினால் உண்மை எண் எவ்வளவு கூடுகிறது என்பதை. மில்லியனில் ஒரு தசமதானம் என்றால் படி 100,000. கிட்டிய ஆயிரத்துக்கு மட்டந்தட்டினால் படி 1,000. நான் 7,332 என்ற வித்தியாசத்தை 100,000 அளவுள்ள படியால் அளக்கப் பார்த்திருக்கிறேன். நெல்லு மூட்டை நிறுக்கும் தராசில் தங்கத் தோட்டை வைத்த கதை.

சரி, இலட்சத்துக்கு மாறினால்? நம்மவர்கள் பேசுவதும் இலட்சத்தில்தானே. இலட்சத்தில் ஒரு தசமதானம் என்றால் படி 10,000. அப்போது எண்கள் இப்படி வரும்: 5.8, 1.7, 1.1, 1.0, 0.9. ஐந்தும் வேறு வேறு எண்கள். வரிசையும் சரி. முதலில் இதைப் பார்த்து வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முடியவில்லை. இந்த லேபிள்களை வாசிக்கும் பிள்ளை என்ன நினைக்கும்? கிளிநொச்சிக்கும் மன்னாருக்கும் 0.1 வித்தியாசம், மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் அதே 0.1, ஆகவே மூன்றும் ஒரே அளவான படிக்கட்டுப்போல இறங்குகின்றன என்று. உண்மையில் முதல் இறக்கம் 13,940, இரண்டாவது 7,332. ஒன்று மற்றதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. லேபிள்கள் ஒன்றுபோல இல்லை என்பதாலேயே வித்தியாசம் தப்பிவிட்டது என்று சொல்லமுடியாது. வித்தியாசத்தின் அளவு காணாமற் போயிருக்கலாம்.

இதற்குக் காரணம் இருக்கிறது. 1.0 என்று எழுதிய எண், உண்மையில் 95,000 இலிருந்து 104,999 வரைக்கும் எதுவாகவும் இருக்கலாம். 0.9 என்று எழுதியது 85,000 இலிருந்து 94,999 வரைக்கும் எதுவாகவும் இருக்கலாம். ஆகவே 1.0, 0.9 என்ற இரண்டு லேபிளுக்குப் பின்னால் இருக்கும் வித்தியாசம் ஒரேயொரு ஆளாகவும் இருக்கலாம், இருபதாயிரத்துக்கு ஒன்று குறைவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு எண்ணும் அரைப் படி வரைக்கும் தவறலாம், இரண்டு எண்ணைக் கழிக்கும்போது அந்தத் தவறுகள் சேர்ந்து ஒரு முழுப் படியாகிவிடும். வித்தியாசம் படியைவிடச் சின்னதாகவோ அதற்குக் கிட்டவோ இருந்தால், லேபிளில் தெரியும் வித்தியாசத்துக்கு ஒரு பெறுமதியும் இல்லை.

அடுத்தது கிட்டிய ஆயிரம். படி 1,000. எண்கள் 584, 172, 114, 100, 92. இப்போது கிளிநொச்சிக்கும் மன்னாருக்கும் 14, மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் 8. உண்மை 13.9, 7.3. அச்சொட்டாக இல்லை, ஆனால் ஒன்று மற்றதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்ற செய்தி பிழைத்துக்கொண்டது. இலக்கங்களும் மூன்றுக்கு மேல் போகவில்லை. சுவருக்கு இதுவே போதும்.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்:

| மாவட்டம் | மில்லியன் | இலட்சம் | ஆயிரம் |
|---|---|---|---|
| யாழ்ப்பாணம் | 0.6 | 5.8 | 584 |
| வவுனியா | 0.2 | 1.7 | 172 |
| கிளிநொச்சி | 0.1 | 1.1 | 114 |
| மன்னார் | 0.1 | 1.0 | 100 |
| முல்லைத்தீவு | 0.1 | 0.9 | 92 |

இதற்குப் பிறகு நான் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறேன். வாசிக்கிறவர் கவனிக்கவேண்டிய மிகச் சின்ன வித்தியாசத்தை ஐந்தால் பிரிப்பேன். வரும் எண்ணைவிடப் படி பெரிதாக இருக்கக்கூடாது. 7,332 ஐ ஐந்தால் பிரித்தால் ஏறக்குறைய 1,466. ஆகவே 1,000 சரி, 10,000 சரியில்லை. ஐந்து என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்கும் சட்டமில்லை, என் பழக்கம். நான்கு என்று வைத்தாலும் வானம் இடிந்து விழாது.

“கவனிக்கவேண்டிய” என்ற சொல்லை வேண்டுமென்றுதான் போட்டேன். எல்லா வித்தியாசத்தையும் காப்பாற்றவேண்டிய தேவையில்லை. வரைபின் தலைப்பு “வடக்கின் மக்களில் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்தில்” என்பதாக இருந்தால், சதவீதத்தில் முழு எண்ணே தாராளம்: 55, 16, 11, 9, 9. அங்கே மன்னாரும் முல்லைத்தீவும் ஒரே 9 ஆக வருகின்றன. அந்தத் தலைப்புக்கு அது குறையில்லை, ஏனென்றால் அந்த இரண்டையும் ஒப்பிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் தலைப்பு “எந்த மாவட்டத்தில் ஆட்கள் குறைவு” என்றால் அதே லேபிள்கள் உதவாது. 9.4, 8.7 என்று ஒரு தசமதானம் சேர்த்தே ஆகவேண்டும். ஆகவே வரைபு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று தெரியாமல் தசமதானத்தை முடிவெடுக்கமுடியாது. மென்பொருளுக்கு அந்தக் கேள்வி தெரியாது. அது தானாகத் தெரிவு செய்யும் தசமதானத்தை அப்படியே விட்டுவிடுவதில் உள்ள சிக்கல் அதுதான்.

இலட்சமா, மில்லியனா, ஆயிரமா

படி வேறு, அலகு வேறு. இலட்சத்தில் இரண்டு தசமதானம் எழுதினால் 5.84, 1.72, 1.14, 1.00, 0.92 என்று வரும். படி இங்கேயும் 1,000 தான். ஆயிரத்தில் எழுதியதும் இதுவும் ஒரே தகவல். எதை எழுதுவது என்பது வாசிக்கிறவரின் பழக்கத்தைப் பொறுத்தது.

யாழ்ப்பாணத்தில் இது கொஞ்சம் விசேடமான தலையிடி. வாயால் நாம் இலட்சம், கோடி என்கிறோம். காணி விலை பேசும்போது பரப்பு எத்தனை இலட்சம் என்றுதான் கேட்போம். ஆனால் அரச அறிக்கைகளில் மில்லியன், பில்லியன். காற்புள்ளியும் ஆங்கில முறையில் மூன்று மூன்று இலக்கமாகப் போடுகிறோம், 583,882 என்று. இந்தியாவில் அதையே 5,83,882 என்று எழுதுவார்கள். அந்தப் பழக்கமுள்ள ஒருவர் நம் வரைபைப் பார்த்தாலும், நம் பிள்ளை அவர்களுடைய வரைபைப் பார்த்தாலும் ஒரு நொடி தடுமாறத்தான் செய்வார்கள். அதனால் “மி.”, “இல.” என்று சுருக்கெழுத்தை மட்டும் சலாகையின் தலையில் நட்டுவிட்டுப் போகாமல், “ஆயிரம் பேர்” என்று அச்சின் பக்கத்தில் அல்லது தலைப்புக்குக் கீழே ஒருமுறை முழுச்சொல்லாக எழுதிவிட்டால் நல்லது. அதன்பிறகு சலாகைகளுக்கு மேல் வெறும் எண் போதும்.

ஒரே வரைபில் இரண்டு அலகைக் கலப்பது இதைவிட மோசம். மாகாண மொத்தத்தையும் ஆறாவது சலாகையாகச் சேர்த்து, சுருக்குவதை மென்பொருளிடம் விட்டால், பல கருவிகள் 1.1M என்றும் பக்கத்தில் 583.9K என்றும் எழுதிவிடும். ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகப் பார்த்து அதற்கு அழகான அலகைக் கொடுப்பது அவற்றின் குணம். ஆனால் கண் முதலில் பார்ப்பது 583.9 ஐயும் 1.1 ஐயும். K, M என்ற எழுத்துகள் பிறகுதான் மூளைக்குப் போகின்றன. படியும் இரண்டிலும் வேறு: ஒன்றில் 100,000, மற்றதில் 100. ஒரு வரைபுக்கு ஒரு அலகு, எல்லா லேபிளுக்கும் ஒரே தசமதானம். இந்த விடயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இணையத்தில் வரைபு செய்கிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. D3 என்ற நூலகத்தின் `s` வடிவம் விஞ்ஞான முற்சேர்க்கைகளைப் பயன்படுத்துவது. அதில் பில்லியனுக்கு B வராது, G வரும். அதைவிட வில்லங்கம், `.2s` என்று கொடுத்தால் 0.04 என்ற எண் `40m` என்று வரும். அந்த m மில்லி. மில்லியன் என்று வாசிக்கிறவரைக் குறைசொல்ல முடியாது.

மன்னாரின் 1.00 ஐப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 99,570 ஐ மட்டந்தட்டும்போது வந்த எண் அது. கடைசி இரண்டு பூச்சியமும் சும்மா நிற்கின்றன என்று அழித்துவிட்டு 1 என்று எழுதினால், பக்கத்தில் 1.14 நிற்கும்போது இந்த 1 எந்தளவு நுணுக்கமானது என்று யாருக்கும் விளங்காது. சிலர் அச்சொட்டாக ஒரு இலட்சம் என்று நினைப்பார்கள், சிலர் ஏதோ குத்துமதிப்பு என்று நினைப்பார்கள். அந்தப் பூச்சியங்கள்தான் படியைச் சொல்கின்றன. எக்செலில் எண் வடிவம் `General` என்று இருந்தால் அவை தானாகவே மறைந்துவிடும், `0.00` என்று கொடுத்தால் நிற்கும்.

எக்செலில் செய்வது

முக்கியமானது ஒன்றுதான்: தரவைத் தொடாதீர்கள், தோற்றத்தை மட்டும் மாற்றுங்கள். கலத்தில் 113,510 அப்படியே இருக்கட்டும். வரைபில் லேபிளை வலது சொடுக்கி, `Format Data Labels` இல் `Number` என்ற பகுதிக்குப் போய், கீழே வடிவக் குறியீட்டைக் கொடுக்கலாம்.

```
#,##0,
```

கடைசியில் நிற்கும் காற்புள்ளி ஆயிரத்தால் பிரித்துக் காட்டும். 113,510 என்பது 114 ஆகத் தெரியும். இரண்டு காற்புள்ளி போட்டால் மில்லியன். இலட்சத்துக்கு இந்த வழி சரிவராது, ஏனென்றால் அந்தக் காற்புள்ளி ஆயிரம் ஆயிரமாகத்தான் பிரிக்கும். இலட்சத்தில்தான் வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு நிரல் திறந்து `=B2/100000` என்று பிரித்து, `0.00` வடிவம் கொடுத்து, அந்த நிரலிலிருந்து வரையவேண்டியதுதான்.

லேபிள்கள் ஒன்றையொன்று விழுங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு பரிசோதனையும் உண்டு. எண்கள் B2 முதல் B6 வரை இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். C நிரலில் முதல் வரியையும் D நிரலில் இரண்டாவதையும் கொடுத்துக் கீழே இழுத்துவிடுங்கள்.

```
=ROUND(B2,-5)
=COUNTIF(C$2:C$6,C2)
```

-5 என்றால் கிட்டிய இலட்சம், அதாவது நான் முதலில் ஒட்டிய வரைபு. D நிரலில் 1, 1, 3, 3, 3 என்று வரும். ஒன்றுக்கு மேல் எது வந்தாலும் அங்கே வேறு வேறு எண்கள் ஒரே லேபிளைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன என்று அர்த்தம். -3 ஆக மாற்றினால் எல்லாம் 1 ஆகிவிடும். ஆனால் -4 போட்டாலும் எல்லாம் 1 தான் வரும் என்பதைக் கவனியுங்கள். 1.1, 1.0, 0.9 என்ற போலிப் படிக்கட்டை இந்தப் பரிசோதனை பிடிக்காது. அதற்கு முன்னால் சொன்ன கழித்தற் கணக்குத்தான் வழி.

`ROUND` ஐ இந்தப் பரிசோதனை நிரலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மட்டந்தட்டிய எண்ணைத் தரவாக வைத்து, பிறகு அதையே மறுபடி மட்டந்தட்டினால் தவறு கூடும். உதாரணத்துக்கு 94,520 ஐ எடுங்கள். நேரே இலட்சத்தில் ஒரு தசமதானம் எழுதினால் 0.9. முதலில் கிட்டிய ஆயிரத்துக்குத் தட்டி 95,000 என்று வைத்துக்கொண்டு, அடுத்த ஆள் அதிலிருந்து இலட்சத்துக்குத் தட்டினால் 1.0. அறிக்கையிலிருந்து எண்ணை எடுத்து வேறொரு அறிக்கை செய்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், நடந்ததும் தெரியாது.

கூட்டினால் வரவில்லை

புதிய லேபிள்களோடு வரைபை மறுபடி ஒட்டினேன். கீழே “மொத்தம் 1,061 ஆயிரம்” என்றும் எழுதினேன். மாஸ்டர் வந்தார். மனக்கணக்கு அவருக்கு மூச்சுவிடுவது போல.

“584 உம் 172 உம் 756. 114, 870. 100, 970. 92, 1,062. நீர் 1,061 எண்டு போட்டிருக்கிறீர்.”

இந்தமுறை பதில் வைத்திருந்தேன். உண்மை மொத்தம் 1,061,315. கிட்டிய ஆயிரத்துக்கு 1,061 தான். ஐந்து லேபிளிலும் என்ன நடந்தது என்று பார்த்தால், யாழ்ப்பாணத்துக்கு 118 பேர் கூடிவிட்டார்கள், கிளிநொச்சிக்கு 490, மன்னாருக்கு 430. வவுனியாவில் 115 பேர் குறைந்தார்கள், முல்லைத்தீவில் 238. எல்லாம் சேர்த்தால் 685 பேர் மிச்சமாக வந்திருக்கிறார்கள். மொத்தத்தை மட்டந்தட்டும்போது 315 பேர் போய்விட்டார்கள். 685 உம் 315 உம் சரியாக ஆயிரம்.

இங்கே செய்யக்கூடாத இரண்டு காரியங்கள் உண்டு. கூட்டல் சரிவரட்டும் என்று மொத்தத்தை 1,062 ஆக்குவது ஒன்று. கிளிநொச்சியின் 114 ஐ 113 ஆக்கிச் சமாளிப்பது மற்றது. இரண்டிலும் ஒரு உண்மையான எண் பொய்யாகிறது. மூல எண்களைக் கூட்டி, கடைசியில் ஒருமுறை மட்டும் தட்டவேண்டும். பிறகு வரைபின் அடியில் “மட்டந்தட்டியதால் கூட்டுத்தொகையில் சிறு வேறுபாடு இருக்கலாம்” என்று ஒரு வரி. மாஸ்டர் அந்த வரியை வாசித்துவிட்டு, “இதை முதலே எழுதியிருக்கலாமே” என்றார். எழுதியிருக்கலாம்தான்.

எல்லைக்கோடு இருக்கும் இடத்தில்

இதுவரைக்கும் சொன்னது எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையிலான வித்தியாசம். இன்னொரு வகை உண்டு: எண்ணுக்கும் ஒரு கோட்டுக்கும் இடையிலானது. அங்கே ஐந்தால் பிரிக்கும் கைக்கணக்கு உதவாது, ஏனென்றால் எவ்வளவு சின்ன வித்தியாசமும் முடிவையே மாற்றிவிடும்.

நம் பாராளுமன்றத் தேர்தல் முறையில் ஒரு மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகளில் இருபதில் ஒன்றுகூட எடுக்காத கட்சிக்கு அங்கே ஆசனம் இல்லை. முன்பு எட்டில் ஒன்று வேண்டும் என்றிருந்ததை, 1988 இல் அரசியலமைப்பின் 15 ஆவது திருத்தம் இருபதில் ஒன்றாக்கியது. அதாவது 5 சதவீதம். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். செல்லுபடியான வாக்கு 300,000. கோடு 15,000. ஒரு கட்சி எடுத்தது 14,900. சதவீதம் 4.967. ஒரு தசமதானத்துக்கு லேபிள் எழுதினால் 5.0. சலாகை கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும், லேபிள் 5.0 என்று சொல்லும், ஆசனம் கிடையாது. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அநியாயம் நடந்துவிட்டது என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

ஜேர்மனியில் இது நிஜமாகவே நடந்திருக்கிறது. 1992 ஏப்ரலில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத் தேர்தல். அங்கேயும் 5 சதவீதக் கோடு. பசுமைக் கட்சிக்கு 5.0 என்று அட்டவணையில் வந்தது, உள்ளே வந்துவிட்டார்கள் என்றே அன்றிரவு கருதப்பட்டது. நள்ளிரவுக்குப் பிறகுதான் உண்மையான எண் 4.97 என்று தெரிந்தது. முடிவுகளை அச்சிட்ட நிரல் ஒரு தசமதானத்தோடு நிறுத்தியிருந்தது. ஆசனங்களை மறுபடி பங்கிட்டபோது 89 இல் 45 சமூக சனநாயகக் கட்சிக்கு வந்தது. ஒரேயொரு ஆசனத்தால் தனிப் பெரும்பான்மை.

ஆகவே கோடு ஒன்று வரைந்திருக்கும் வரைபில், கோட்டுக்கு அருகில் நிற்கும் எண்ணுக்கு மட்டந்தட்டிய பின்னும் அது எந்தப் பக்கம் என்று தெரியும் வரைக்கும் தசமதானம் கொடுக்கவேண்டும். 4.97. போதாவிட்டால் 4.997. எல்லா லேபிளுக்கும் அதே தசமதானம் கொடுத்தால் வரைபு எண் காடாகிவிடும் என்று தோன்றினால், எல்லாவற்றையும் ஒரு தசமதானத்திலேயே விட்டு, இந்த ஒன்றுக்குப் பக்கத்தில் “கோட்டுக்கு 100 வாக்குகள் குறைவு” என்று எழுதிவிடலாம். ஒரு வரைபுக்கு ஒரே தசமதானம் என்று கொஞ்ச நேரத்துக்கு முன் அடித்துச் சொன்னேன்தான். இங்கேயும் அதை மீறாமலே வேலை முடிகிறது.

இதே குடும்பத்தில் இன்னொன்று பூச்சியம். மாவட்டங்களுக்குப் பதிலாகப் பிரதேச செயலர் பிரிவுகளை வரைந்தால் நெடுந்தீவு வரும். அங்கே இருப்பது சில ஆயிரம் பேர்தான். மில்லியனில் ஒரு தசமதானம் எழுதினால் 0.0. குறிகட்டுவானில் படகேறி ஒரு மணித்தியாலம் கடலில் போய் இறங்குகிற இடத்தில் ஆளே இல்லை என்று சுவர் சொல்லும். இல்லாததும் மிகச் சிறியதும் ஒன்றல்ல. படியைக் குறைக்க முடியாத நிலையென்றால் “0.1 இலும் குறைவு” என்றாவது எழுதவேண்டும். வெறும் 0.0 ஐ உண்மையாகவே ஒன்றுமில்லாத இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்த வரைபையும் அடுத்த மாதம் ஒட்டுவதாக இருக்கிறோம். இந்தமுறை ஒட்டுவதற்கு முன்பே மாஸ்டரிடம் காட்டப்போகிறேன்.